சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவை மதுரையிலிருந்து நியூஜெர்சிக்கு அழைத்துப் போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டி வந்து ஆறு மாதமாகிறது. ஆனாலும் அந்தப் பயணத்தின் நான்காம் நாள் அதிகாலை இன்னும் என் மனதிலிருந்து இறங்கவில்லை. இந்த வாரம் தோழி ஒருத்தி, "என் அப்பாவும் இன்சுலின் போடுகிறார், துபாய்க்குக் கூட்டிப் போகிறேன், ஏர்போர்ட்டில் சிரிஞ்சை விடுவார்களா?" என்று கேட்டாள். விடுவார்கள், டாக்டர் கடிதம் வைத்துக்கொள் என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தூக்கம் வரவில்லை. அன்று நானும் அந்த இரண்டு வரியோடுதான் கிளம்பினேன்.

அம்மாவுக்கு வயது 67. காலை, இரவு இரண்டு வேளையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் 30/70 என்கிற பால் நிற இன்சுலின். காலையில் 24 யூனிட், இரவில் 14. பேனா வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். இருபது வருடப் பழக்கம், பாட்டிலும் சிரிஞ்சும்தான். ஒரு பாட்டிலில் 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், ஆக 400 யூனிட். ஒரு நாளைக்கு 38 என்றால் ஒரு பாட்டில் பத்து நாள் வரும். இரண்டரை மாதத்துக்கு எட்டு போதும், இருந்தாலும் பன்னிரண்டு எடுத்துக்கொண்டோம். சிரிஞ்ச் நூற்று எழுபது.

கிளம்புவதற்கு முன்னால் நான் கவலைப்பட்டதெல்லாம் குளிர்ச்சியைப் பற்றித்தான். செக்-இன் பெட்டியில் இன்சுலினைப் போடவே கூடாது என்று எல்லோரும் சொல்வது சரியான அறிவுரை. விமானத்தின் சரக்கு அறையில் சில இடங்களில் குளிர் கடுமையாக இருக்கும், பெட்டி ஊர் மாறிப் போகவும் வாய்ப்புண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின், திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது. அதே காரணத்துக்காக ஐஸ் பாக்கெட்டையும் பாட்டிலோடு ஒட்டி வைக்கக் கூடாது, நடுவில் ஒரு துண்டுத் துணியாவது வேண்டும். நாங்கள் தண்ணீரில் நனைத்து எடுக்கும் ஜெல் பை ஒன்று வாங்கினோம். மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அதே போலத்தான் அதுவும். ஈரம் காற்றில் காயக் காய உள்ளே சூடு குறையும், ஆனால் எவ்வளவு காய்ந்தாலும் உறையாது. உண்மையில் விமானத்துக்குள் இருக்கும் குளிருக்கு அதுகூடத் தேவையில்லை. உபயோகத்தில் இருக்கும் பாட்டில், வெயில் படாமல் அறையின் சூட்டில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். பணிப்பெண்ணிடம் கொடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லக் கூடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அங்கே எதற்குப் பக்கத்தில் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது, இறங்கும் அவசரத்தில் மறந்தும் போகும்.

நாள் நீண்டால் ஊசி எத்தனை?

இரண்டாவது கவலை நேரம். நியூஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். மேற்கே போகும்போது நாள் நீளும். காலையில் எழுந்தவருக்கு இரவு வர வழக்கத்தைவிட ஒன்பதரை மணி நேரம் கூடுதலாக ஆகும். இரண்டு வேளை ஊசியை எந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் போடுவது? எங்கள் டாக்டர் இதற்குப் பொறுமையாக உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் என் விமான நேரங்களை வாங்கி, எல்லாவற்றையும் முதலில் நம் ஊர் நேரத்துக்கு மாற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் பிடிபட்டது.

சென்னையில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, வளைகுடா ஊரில் நம் நேரம் எட்டரைக்கு இறங்குகிறோம். அங்கே காலைச் சாப்பாடு, வழக்கமான 24 யூனிட். நம் நேரம் பதினொன்றரைக்கு அடுத்த விமானம், பதினான்கு மணி நேரம். அதில் நம் நேரம் இரவு எட்டரை வாக்கில் சாப்பாடு வந்தால் 14 யூனிட். ஆனால் தட்டு கண்ணில் பட்ட பிறகுதான் ஊசி. விமானத்தில் சாப்பாடு எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, திடீரென்று குலுங்கினால் பரிமாறுவதையே நிறுத்திவிடுவார்கள். ஊசி போட்டு அரை மணி காத்திருக்கும் வீட்டு வழக்கம் அங்கே ஆபத்து. இதுவரை சிக்கல் இல்லை. நியூயார்க்கில் இறங்கும்போது அவர்களுக்கு மாலை 4 மணி, நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அக்கா வீட்டில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. அது நமக்கு அதிகாலை 5. விமானத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு எட்டரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் டாக்டர் பேனாவை நிறுத்தினார். 30/70 என்றால் முப்பது பங்கு சீக்கிரம் வேலை செய்து ஓய்வது, எழுபது பங்கு மெதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. எட்டரை மணியில் முதல் ஊசியின் மெதுவான பங்கு உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கும். அதன் மேல் முழு 14 ஏற்றினால் புது ஊரில், அசந்து தூங்கும் முதல் இரவில் சுகர் இறங்கிவிடலாம். ஊசியே இல்லாமல் சாப்பிட்டால் காலைக்குள் ஏறிவிடும். அதனால் சுகர் பார்த்துவிட்டு அன்று இரவுக்கு மட்டும் பாதி, 7 யூனிட். மறுநாள் காலை அந்த ஊர்க் கடிகாரப்படி 24. திரும்பி வரும்போது நாள் சுருங்கும், அப்போது ஒரு 24-க்குப் பதில் 14. அவ்வளவுதான். இது அம்மாவுக்கு, அம்மாவின் மருந்துக்கு, அந்த விமான நேரங்களுக்குப் போட்ட கணக்கு. ஒரு நாளைக்கு ஒரே தடவை போடும் நீண்ட நேர இன்சுலின்காரர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும்.

ஆக, பயணத்துக்கு மூன்று ஊசி. அந்த மூன்று சிரிஞ்சையும் ஒரு பாட்டிலையும் சுகர் மெஷினையும் அம்மாவின் சின்னப் பையில் வைத்தேன். மீதிப் பாட்டில்கள் ஜெல் பையோடு என் கைப்பையில். மீதிச் சிரிஞ்ச் எல்லாம் ஒரு துணிப்பையில், அதுவும் என் கைப்பைக்குள்ளேயே.

இரண்டு டிரே

சென்னையில் எதுவுமே பிரச்சினை ஆகவில்லை. பாதுகாப்புச் சோதனையில் நானே முன்கூட்டிச் சொன்னேன், மருந்துச் சீட்டைக் காட்டினேன், ஜெல் பையை அமுக்கிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். நூறு மில்லிக் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது, ஆனால் கேட்பதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். வளைகுடா ஊரில் விமானம் மாறும் இடத்தில்தான் கேள்வி வந்தது. எக்ஸ்ரேயில் நூற்று அறுபது ஊசிகள் கொத்தாகத் தெரிந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அதிகாரி மரியாதையாகவே பேசினார். சீட்டில் இன்சுலின் பெயர் இருக்கிறது, சிரிஞ்ச் என்று எங்கே இருக்கிறது என்றார். இல்லை. சீட்டில் அம்மாவின் பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக நீண்டிருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்றார். ஆமாம் என்று விளக்கினேன். துணிப்பையைத் தனியாக எடுத்து வேறொரு டிரேயில் வைத்து இன்னொரு முறை மெஷினுக்குள் அனுப்பினார். பாட்டில்கள் ஒரு டிரேயில், சிரிஞ்ச் ஒரு டிரேயில். அம்மா செருப்பு இல்லாமல் குளிர்ந்த தரையில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளை உட்கார வைக்க நாற்காலி தேடினேன். அதிகாரி எல்லாம் சரி, போகலாம் என்றார். பாட்டில்கள் இருந்த டிரேயை எடுத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து நடந்துவிட்டேன்.

துணிப்பை அங்கேயே நின்றுவிட்டது எனக்கு அப்போது தெரியவில்லை. சின்னப் பையில் மூன்று சிரிஞ்ச் இருந்தது, எங்கள் மூன்று ஊசியும் தாளில் எழுதியபடியே நடந்தது. அக்கா வீட்டில் அம்மா 7 யூனிட் போட்டுச் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பெட்டிகளைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது. அப்போதுகூட நான் பெரிதாகப் பதறவில்லை. மருந்து பத்திரமாக இருக்கிறது, சிரிஞ்ச் தானே என்று நினைத்தேன். சிரிஞ்ச் உறையாது, கெடாது, பாதியைச் செக்-இன் பெட்டியில் போட்டிருந்தால் போதும். இன்சுலினுக்குச் சொன்ன விதியையே சிரிஞ்சுக்கும் வைத்து எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்தது என் தவறு.

மறுநாள் விடியற்காலையில் அத்தான் போய் மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்ச் என்று கேட்டு ஒரு பெட்டி வாங்கி வந்தார். கடைக்காரர் ஊசி எவ்வளவு நீளம் வேண்டும், அரை மில்லியா ஒரு மில்லியா என்று கேட்டாராம். அத்தான் நடுத்தரமாக அரை மில்லி வாங்கினார். எத்தனை யூனிட் வீரியமுள்ள மருந்துக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்க மாட்டார். அந்த நாட்டில் மனிதர்களுக்கென்று மில்லிக்கு 40 யூனிட் பாட்டில் கடையிலேயே கிடையாது. அங்கே சாதாரண இன்சுலின் பாட்டில் என்றால் மில்லிக்கு 100, சிரிஞ்சும் அதற்கேற்ற 100.

மூன்று நாள்

முதல் இரவுக்குப் பிறகு வெறும் வயிற்றில் 168. டாக்டரின் கணக்கு எவ்வளவு சரி என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அன்று காலை புதுச் சிரிஞ்சில் 24 கோடு வரை இழுத்து அம்மாவுக்குப் போட்டேன். அம்மாவுக்குத் தூக்கக் கலக்கம், கண்ணை மூடிக்கொண்டே வயிற்றைக் காட்டினாள். மதியம் 264. இரவு 14 கோடு. மறுநாள் வெறும் வயிற்றில் 286. காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 371.

நேரம் மாறிய அலைச்சல் என்றோம். அக்கா மாமியார் செய்த கேசரி என்றோம். பிறகு இன்சுலின் கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. பால் நிற இன்சுலினில் அதைக் கொஞ்சம் கண்ணாலேயே பார்க்க முடியும். பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினால் முழுவதும் ஒரே மாதிரி பாலாக வர வேண்டும். உருட்டிய பிறகும் திட்டுத் திட்டாக மிதந்தாலோ, கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி படிந்தது போல் ஒட்டியிருந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் பாட்டில் அழகாகக் கலந்தது. இருந்தாலும் புதுப் பாட்டில் ஒன்று திறந்தோம். மறுநாள் அதிகாலை 312.

அன்று விடியற்காலை மூன்று மணிக்கு நானும் அக்காவும் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். காலை 24-ஐ 30 ஆக்கிவிடலாம். அதை நான் இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. கூட்டியதனால் அந்தச் சிரிஞ்சில் உடனே ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் 30 என்று எழுதி வைத்து, போதவில்லை என்று 40 ஆக்கி, 50 ஆக்கி, அந்த எண்ணோடு மதுரைக்குத் திரும்பிப் பழைய சிரிஞ்சில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கும் தூக்கம் வரவில்லை. போட்டு முடித்த ஊசிகளைக் குப்பையில் போடக் கூடாது என்று அவள் எங்கே போனாலும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்ப்பாள். அந்த டப்பாவை எடுத்து வந்து எங்கள் முன்னால் மேசையில் கவிழ்த்தாள். மூன்று சிவப்பு மூடி, நான்கு ஆரஞ்சு மூடி.

"ஏன்டி, எனக்கு எப்பவும் சிவப்பு மூடிதானே? இது என்ன காவி நிறம்?"

அந்த ஊர்க் கம்பெனி நிறம் அம்மா, என்றேன். அம்மா விடவில்லை. "நம்மூர் மெடிக்கல்ல ஒரு தடவை இந்த நிறத்தைக் கொடுத்தாரு. வீட்டுக்கு வந்து பார்த்து உடனே திருப்பிக் கொடுத்தேன். இது பேனா மருந்துக்காரங்களோடதுன்னாரு." அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இருபது வருடமாக நிறத்தை வைத்துத்தான் சரியான சிரிஞ்சை எடுத்திருக்கிறாள். நான் படித்தவள். சிரிஞ்சின் மேல் யூ-100 என்று அச்சடித்திருந்ததை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டும் பார்க்கவில்லை.

கணக்கு

சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் யூனிட்டைக் காட்டுவதாக நாம் நினைக்கிறோம். அது உண்மையில் மருந்தின் அளவைத்தான் காட்டுகிறது. யூ-100 சிரிஞ்சில் 24 கோடு என்றால் 0.24 மில்லி. மில்லிக்கு 100 யூனிட் மருந்தாக இருந்தால் அது 24 யூனிட். எங்கள் பாட்டிலில் மில்லிக்கு 40 தான். 0.24 மில்லியில் 9.6 யூனிட். காலையில் 24 போட வேண்டியவளுக்குப் பத்துகூடப் போகவில்லை. இரவு 14-க்குப் பதில் 5.6. வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு சுகர் ஏன் ஏறுகிறது என்று கேசரியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இதன் மறுபக்கம்தான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. எங்களுக்குத் தொலைந்தது சிரிஞ்ச். ஒருவேளை மருந்து தொலைந்து, சிவப்பு மூடிச் சிரிஞ்ச் மட்டும் மிஞ்சியிருந்தால்? அமெரிக்கப் பாட்டிலை வாங்கிச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 24 கோடு வரை இழுத்திருப்பேன். அது 0.6 மில்லி. அந்தப் பாட்டிலில் 0.6 மில்லி என்றால் 60 யூனிட். இரண்டரை மடங்கு. அம்மா நிறத்தைப் பார்த்துத் திருப்தியாக வயிற்றைக் காட்டியிருப்பாள்.

அங்கே மூன்றரை மணி என்றால் நமக்குப் பகல் ஒரு மணி. டாக்டருக்குப் போன் போட்டோம். வாந்தி உண்டா, மயக்கமாகப் பேசுகிறார்களா, மூச்சு வாங்குகிறதா என்று முதலில் கேட்டார். இல்லை, தாகமும் அடிக்கடி பாத்ரூமும்தான். சரி, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். அப்புறம் சிரிஞ்ச் அளவைக் கேட்டார். 24 யூனிட்டுக்கு 0.6 மில்லி வேண்டும், எங்களிடம் இருப்பதோ அரை மில்லிச் சிரிஞ்ச். ஒரே தடவையில் இழுக்கவே முடியாது. இன்று காலை ஒரு வேளைக்கு மட்டும் 30 கோடு வரை இரண்டு தடவை, இரண்டு இடத்தில் போடுங்கள் என்றார். 0.3 மில்லியில் 12 யூனிட், இரண்டு தடவைக்கு 24. இழுத்த சிரிஞ்சை இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றார். "ஆனா இந்தக் கணக்கைத் தினமும் போட்டுக்கிட்டு இருக்காதீங்கம்மா. ஒரு நாள் அவசரத்துல தப்பு பண்ணிடுவீங்க. மருந்தையும் சிரிஞ்சையும் சேர்த்தே மாத்துங்க."

அன்று பகலில் அக்காவின் ஊர் டாக்டரைப் பார்த்து 100 யூனிட் பாட்டில் வாங்கினோம். அங்கே இன்னொரு தடுமாற்றம். பெட்டியில் 70/30 என்று இருந்தது. தவறான மருந்து என்று நான் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுக்கப் போனேன். மருந்தாளுநர் பொறுமையாக விளக்கினார். நாம் சீக்கிரம் வேலை செய்யும் பங்கை முதலில் எழுதி 30/70 என்கிறோம், அவர்கள் மெதுவான பங்கை முதலில் எழுதுகிறார்கள். மருந்து ஒன்றுதான்.

இரவு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அந்தப் பாட்டிலிலிருந்து 14 கோடு வரை இழுத்துக் காட்டினேன். அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்தனூண்டா? இது எப்படிப் பத்தும்?" இருபது வருடமாகப் பார்த்த அளவில் பாதிகூட இல்லை. அவள் சந்தேகம் நியாயமானது. ஒரு டம்ளரில் திக்கான காபியும் இன்னொன்றில் தண்ணிக் காபியும் கலந்து, தூள் இரண்டிலும் ஒரே அளவு என்று காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி போடு என்றாள். அதிலிருந்து மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் 154.

நாங்கள் கொண்டு போன பாட்டில்களை அம்மா ஒரு துணியில் முடிந்து, அதன் மேல் சிவப்பு நூல் கட்டி, அக்கா ஃபிரிட்ஜின் அடித்தட்டில் தனியாக வைத்தாள். திரும்பும் நாள் வரை அதை யாரும் தொடவில்லை. விமானத்தில் போட்ட கடைசி ஊசி அமெரிக்கப் பாட்டிலும் ஆரஞ்சு மூடியும். மதுரை வீட்டில் மறுநாள் காலை பழைய பாட்டிலும் சிவப்பு மூடியும். மிஞ்சிய ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் ஒன்றையும் அவள் ஊருக்குக் கொண்டுவர விடவில்லை.

தோழிக்கு இன்று மறுபடியும் போன் செய்தேன். அப்பா போடுவது பாட்டிலா பேனாவா என்று கேட்டேன். பாட்டில்தான் என்றாள். டாக்டரிடம் எங்கள் புதுக் கடிதத்தைக் காட்டி அதே போல் வாங்கிக்கொள் என்று அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போல முழுதாக இருக்கிறது. மருந்தின் பெயருக்குக் கீழே டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மில்லிக்கு 40 யூனிட். காலை 24 யூனிட், அதாவது 0.60 மில்லி. இரவு 14 யூனிட், அதாவது 0.35 மில்லி. உடன் எடுத்துச் செல்லும் யூ-40 சிரிஞ்ச் 170, சிவப்பு மூடி.